தினம் ஒரு படமா, தவணைக்கு நான்கு வாசகமா?
நாற்று விற்போர் கவனிக்க வேண்டியவை

மதுரை வண்டியூரில் கண்மாய்ப் பக்கமாக நிழல்வலைக் குடில் போட்டு, குழித்தட்டில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்து விற்கும் ஒரு விவசாயியைச் சென்ற ஆண்டு பார்க்கப் போயிருந்தேன். குடிலின் ஓரத்தில் அறுபது தட்டுக் கத்தரி நாற்று வெளிறிப்போய்க் கிடந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடி ஓட்டை வழியே வேர் வெளியே வந்து சுருண்டிருந்தது. தண்டு மெலிந்து நீண்டிருந்தது. நாற்பது நாளைத் தாண்டிய நாற்று. நட்டாலும் பிடித்து வருவது கஷ்டம். குப்பைக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

"ஐயா, நான் ஒரு நாள் விடாம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல படம் போடறேன். இருநூத்து நாப்பது பேரு பாக்கறாங்க. ஆனா வாங்க ஆள் வரலே" என்றார் அவர்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். காலை வணக்கத்துடன் ஒரு பூப்படம். அடுத்த நாள் பச்சைப் பசேலென்று தட்டுகள், கீழே "தரமான நாற்றுகள் கிடைக்கும், அணுகவும்" என்ற வாசகம். அதற்கடுத்த நாளும் அதே தட்டுகள், அதே வாசகம். ஒரு மாதத்தில் முப்பது படம் போட்டிருந்தார். என்ன ரகம், என்றைக்குக் கிடைக்கும், என்ன விலை என்பது ஒன்றில்கூட இல்லை.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாற்று, தென்னங்கன்று, நாட்டுக்கோழிக் குஞ்சு, விதைக்கரும்பு என்று முன்கூட்டி வளர்த்து விற்கும் எவருக்கும் இது பொருந்தும்.

எத்தனை பேர் வாங்க வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. வீரிய ஒட்டுக் கத்தரியை 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்டால், ஒரு ஏக்கரின் 43,560 சதுர அடிக்கு 7,260 செடி பிடிக்கும். போக்கிடம் நிரப்ப நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 7,600 நாற்றுக்குச் சற்றே கூடுதல். 98 குழி உள்ள தட்டில் இது 78 தட்டு.

இவர் ஒரு தவணைக்கு 300 தட்டு போடுகிறார். அதாவது நான்கு ஏக்கருக்குக்கூட முழுதாகக் காணாது. அரை ஏக்கர்க்காரர்களாகவே வந்தாலும் ஏழெட்டுப் பேர் வாங்கினால் குடில் காலி. ஆகவே 240 பேர் பார்த்தார்களா, 500 பேர் பார்த்தார்களா என்பது அவருடைய பிரச்சினையே அல்ல. அந்த மாதத்தில் கத்தரி நடப்போகிற ஏழெட்டுப் பேர், நிலத்தை உழுவதற்கு முன்பே இவர் சொல்வதைக் கேட்டார்களா என்பதே பிரச்சினை.

நாற்று, கடையில் இருக்கும் உப்பு அல்ல. நடவு வயதைத் தாண்டினால் அது கழிவு. வாங்குகிறவரும் நினைத்த அன்றைக்கு வர முடியாது. உழவு, தொழு உரம், பாத்தி, தண்ணீர், ஆள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இன்று படம் பார்த்து நாளை வாங்கும் பொருள் அல்லாதபோது, தினமும் "கிடைக்கும்" என்று சொல்லி என்ன பயன்?

தினமும் போடுவதில் உள்ள நஷ்டம்

ஸ்டேட்டஸில் போட்டது 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். இதனால்தான் பலர் தினமும் போடுகிறார்கள். ஆனால் ஒரே மாதிரிப் படத்தை நான்கு நாள் பார்த்தவர் ஐந்தாம் நாள் விரலால் தள்ளிவிடுகிறார். சிலர் உங்கள் ஸ்டேட்டஸ் கண்ணில் படாதபடி ஒதுக்கியும் வைத்துவிடுவார்கள். பிறகு, முன்பதிவு தொடங்கும் முக்கியமான நாளில் நீங்கள் போடுவதும் அவருக்குத் தெரியாது. விரயமான படங்கள் நல்ல செய்தியையும் சேர்த்து மூடிவிடுகின்றன.

இரண்டாவது நஷ்டம் உங்கள் நேரம். காலையில் படம் எடுத்து, வாசகம் யோசித்து, வந்த கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம், நாற்றுக்குத் தண்ணீர் தெளித்து, சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நேரம்.

நான்கு வாசகம், நான்கு நாள்

கத்தரி நாற்று குழித்தட்டில் 30 முதல் 35 நாளில் நடவுக்கு வரும். ஆடிப்பட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆனி முதல் தேதி, அதாவது ஜூன் 15 வாக்கில் விதைத்தால், ஆடி முதல் தேதி, ஜூலை 17 வாக்கில் 32 நாள் நாற்று கிடைக்கும். இந்த நாள்களை முதலில் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். வாசகத்தை நாற்றின் வயதை ஒட்டித்தான் எழுத வேண்டும்.

முதல் வாசகம், விதைப்பதற்கு 10 நாள் முன்பு, ஜூன் 5 வாக்கில். தென்னைநார்க் கழிவு உரம் நிரப்பிய வெறுந்தட்டின் படம் போதும். வாசகம் இப்படி இருக்கலாம்: "ஆடி நடவுக்குக் கத்தரி நாற்று. ஆனி 1 விதைப்பு, ஆடி 1 முதல் வழங்கல். 3-க்கு 2 அடி நடவுக்கு ஏக்கருக்கு 78 தட்டு. விதைக்கும் முன் பதிவு செய்பவருக்கு மட்டும் உறுதி." இதோடு ரகத்தின் பெயர், ஒரு நாற்றின் விலை, முன்பணம், குடில் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சேருங்கள். வந்த பதிவைப் பார்த்த பிறகே எத்தனை தட்டு விதைப்பது என்று முடிவு செய்யுங்கள். குப்பைக்குழிக்குப் போகும் நாற்றைத் தடுப்பது இந்த ஒரு வாசகம்தான்.

இரண்டாவது, விதைத்த 20-ஆம் நாள். ஒரு நாற்றை வேர்க்கட்டியோடு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுங்கள். "இன்று 20 நாள். பதிவு போக மீதி 40 தட்டு. ஆடி 1 முதல் 5 வரை வழங்கல்" என்று மீதியை உள்ளபடி எழுதுங்கள். மீதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

மூன்றாவது, வழங்குவதற்கு 5 நாள் முன்பு. தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்தும் சமயம் இது. பதிவு செய்தவருக்கு இப்போது வேலை இருக்கிறது. "நாற்று எடுக்கும் நேரம் காலை 6 முதல் 9. பாத்தியில் முதல் நாளே ஈரம் இருக்கட்டும். வெயில் தாழ்ந்தபின் நடுங்கள். தட்டைத் திருப்பித் தரவும்." இதைப் படித்தவர் நிலத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வருவார். "இன்னும் நாலு நாள் பொறுங்க, உழவு முடியலே" என்ற தொல்லை குறையும்.

நான்காவது, முதல் நடவு முடிந்த 7-ஆம் நாள். வாங்கியவரின் சம்மதத்தோடு அவர் வயலில் எடுத்த படம். "நட்டு 7 நாள். பட்டுப்போன இடங்களை இன்றே நிரப்புங்கள். கூடுதல் நாற்று வேண்டுவோர் நாளைக்குள் சொல்லவும்." இது வாங்கியவருக்கு உதவி. வாங்காதவருக்கு, உங்கள் நாற்று வயலில் எப்படி நிற்கிறது என்பதற்குச் சாட்சி.

ஜூன் 5 முதல் ஜூலை 24 வரை ஏழு வாரத்தில் நான்கே வாசகம். தக்காளி, மிளகாய் என்று மூன்று பயிர் வைத்தாலும் பன்னிரண்டு. வாரத்துக்கு இரண்டுகூட ஆகாது.

முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்?

வாசகம் நீண்டால் இன்ஸ்டாகிராமில் முதல் வரி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மீதி மறைந்திருக்கும். "அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று தொடங்கினால் அந்த இடம் வணக்கத்தோடு போயிற்று. பயிரும் நாளும் முதல் வரியில் வரட்டும். பிறர் குடிலில் எடுத்த படத்தைப் போடாதீர்கள். நேரில் வந்தவர் வித்தியாசத்தைக் கண்டால் அடுத்த தவணைக்கு வரமாட்டார்.

வாசகம் சரியில்லை என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், அந்தப் பதில் வாசகத்தில் இல்லை என்று பொருள். "என்ன விலை?" என்று மூவர் கேட்டால் விலையை எழுதுங்கள். "எங்கே இருக்கு?" என்றால் வழியை எழுதுங்கள்.

ஒரு நோட்டும் போடுங்கள். போட்ட தேதி, என்ன வாசகம், எத்தனை அழைப்பு, எத்தனை தட்டுப் பதிவு ஆகிய நான்கு கட்டம் போதும். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எதப் பாத்துக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுக் குறியுங்கள். பார்த்தவர் எண்ணிக்கையை எழுத வேண்டியதில்லை.

எங்கே இது பலிக்காது?

உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திராதவருக்கு உங்கள் ஸ்டேட்டஸ் தெரியாது. வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு 256 பேருக்கு ஒரே சமயம் அனுப்பும் வசதி உண்டு. அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கே போய்ச் சேரும். ஆகவே நாற்று எடுக்க வருபவரிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்வது முதல் வேலை.

தினம் விலை மாறும் பொருளுக்கு இந்த முறை ஆகாது. மாட்டுத்தாவணிக்கு மல்லிகை கொண்டுபோகிறவரும், கீரை, மீன் விற்பவரும் அன்றன்றைய விலையை அன்றன்றுதான் சொல்ல வேண்டும். அங்கே தினம் ஒரு வரி தேவைதான்.

சொன்ன நாள் தவறினாலும் குறைவான வாசகம் வினையாகும். முளைப்பு குறைந்தாலோ, மழையால் நாற்று பின்தங்கினாலோ, அன்றே ஐந்தாவது வாசகம் ஒன்று போட்டு "ஆடி 1 அல்ல, ஆடி 6" என்று சொல்லிவிடுங்கள். பதிவு செய்தவரைத் தனியாகவும் அழைத்துச் சொல்லுங்கள்.

1960-களில் திருச்சி வானொலியின் மூலம் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 ரகத்துக்கு விவசாயிகளே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். குறுவைக்கு ஏற்ற, சுமார் 105 நாள் ரகம் அது. எந்தப் பருவத்துக்கு, எத்தனை நாள் என்பது தெரிந்தால்தான் கேட்ட விவசாயி நாற்றங்கால் போட முடியும். உங்கள் வாசகமும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

வண்டியூர்க்காரர் கடைசியாக ஒன்று கேட்டார்: "தினம் போடலேன்னா ஆளு நம்மள மறந்துட மாட்டாங்களா?"

"அழகர் வருஷத்துக்கு ஒரு தடவைதானே வண்டியூருக்கு வர்றாரு, யாராவது மறக்கறாங்களா? நாள் குறிச்சிருக்கு, சொன்ன நாள்ல வர்றாரு" என்றேன். சிரித்துவிட்டு நாட்காட்டியை எடுத்துவரப் போனார்.

அடுத்த ஆடிப்பட்டத்துக்கு அவர் 300 தட்டு விதைக்கவில்லை. முன்பதிவைப் பார்த்து 220 தட்டோடு நிறுத்திக்கொண்டார். ஆடி முதல் வாரத்துக்குப் பிறகு குடிலில் மிஞ்சியவை சில தட்டுகளே. அவையும் போக்கிடம் நிரப்பப் போய்ச் சேர்ந்தன.