பயிற்சியாளர் குறிப்பில் எதைத் தேடுவது?

சென்னை சதுரங்கப் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் ஒரு கிராண்ட்மாஸ்டர். 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன். இவை அவர் ஆடிய ஆட்டத்துக்குச் சான்று, கற்பிக்கும் திறனுக்கு அல்ல. அதற்கு ஃபிடே தனியாகப் பட்டங்கள் தருகிறது. அவற்றில் உயர்ந்ததான 'சீனியர் டிரெய்னர்' பட்டமும் அவரிடம் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது மாணவர் பட்டியல்தான். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட ஆட்டக்காரர் சில நாள் முகாமுக்கு வந்திருந்தாலும் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஆகவே, மாணவர் எந்த ரேட்டிங்கில் வந்தார், எத்தனை ஆண்டு இருந்தார் என்று பெற்றோர் கேட்க வேண்டும். ரமேஷிடம் பிரக்ஞானந்தா சிறுவனாகவே சேர்ந்தார். 2016இல் பத்து வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர், 2018இல் கிராண்ட்மாஸ்டர், 2023இல் உலகக் கோப்பை இறுதியாட்டம் என்று அவர் ஏறிய படிகளிலெல்லாம் ரமேஷின் பயிற்சி தொடர்ந்தது.