959 கே காலி. 426 கேவுக்கு இடமில்லை

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வு எழுதியவர்களில் பலருக்கு 212, 417, 112, 426 என்ற நான்கு எண்கள் பழைய தொலைபேசி எண்ணைப்போல நினைவில் தங்கியிருக்கும். சில்பர்ஷாட்ஸும் கால்வினும் எழுதிய, அட்டையில் டைனோசர் நிற்கும் பாடநூலின் பழைய பதிப்புகளில் வந்த பயிற்சிக் கணக்கு அது. எண்களை மாற்றியும் மாற்றாமலும் வினாத்தாள்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். கணினியின் மெமரியில் வரிசையாக ஐந்து காலி இடங்கள் இருக்கின்றன: 100, 500, 200, 300, 600 கிலோபைட். பாடமொழியில் இவற்றுக்குத் துளைகள் என்று பெயர். 212, 417, 112, 426 கிலோபைட் கேட்கும் நான்கு புரோகிராம்கள் இதே வரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றையும் பிய்க்காமல், ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும். இடம் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. வரிசையில் முதலில் போதுமானதாகத் தென்படும் துளையைக் கொடுத்துவிடுவது ஃபர்ஸ்ட் ஃபிட். எல்லாத் துளைகளையும் பார்த்து, போதுமானவற்றில் மிகச் சிறியதைக் கொடுப்பது பெஸ்ட் ஃபிட். இருப்பதிலேயே பெரியதைக் கொடுப்பது வொர்ஸ்ட் ஃபிட். எந்த வழியில் மெமரி அதிகம் சிதறுகிறது என்பதே கேள்வி.

சிதறல் என்றால் என்னவென்று கட்பீஸ் துணிக்கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் வேண்டும் என்று ஒருவர் வருகிறார். கடையில் 40 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டு கிடக்கின்றன. கூட்டினால் 80 வந்துவிடும், ஆனால் ரவிக்கை வராது. கடையிலேயே தங்கிப்போகும் இந்த வீண்தான் எக்ஸ்டர்னல் ஃபிராக்மென்டேஷன். துணியை முன்கூட்டியே ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி வைத்து, 80 கேட்டவருக்கும் முழுத் துண்டையே கட்டிக்கொடுத்தால், மிச்சம் 20 அவர் பையோடு போய்விடும்; வேறு யாருக்கும் உதவாது. அது இன்டர்னல் ஃபிராக்மென்டேஷன்.

முதலில் ஃபர்ஸ்ட் ஃபிட். 212க்கு 100 போதாது. அடுத்த 500ல் உட்காருகிறது, 288 மிச்சம். 417க்கு 600 வரை போக வேண்டும், அங்கே 183 மிச்சம். மூன்றாவதாக வரும் 112தான் பொறி. பாதி வகுப்பு அதை 200ல் போட்டுவிடும். ஆனால் 500ல் மிஞ்சிய 288 வரிசையில் 200க்கு முன்னால் நிற்கிறதே! அங்கே போட்டால் 176 மிஞ்சும். இப்போது 426 வந்து நிற்கிறது. கையிருப்பில் உள்ள துளைகள் 100, 176, 200, 300, 183. மொத்தம் 959 கே காலி. மிகப் பெரிய துளையோ 300தான். 426 வாசலில் காத்திருக்க வேண்டும்.

வொர்ஸ்ட் ஃபிட்டிலும் அதே கதி. 212 நேராக 600க்குப் போய் 388 மிச்சம் வைக்கிறது. 417 அடுத்த பெரிய 500ல் அமர்ந்து 83ஐ விடுகிறது. 112 அந்த 388ஐக் குறைத்து 276 ஆக்குகிறது. மறுபடியும் 959 காலி, மறுபடியும் 426க்கு இடமில்லை.

பெஸ்ட் ஃபிட்டில் 212 போவது 300க்கு, மிச்சம் 88. 417, 500ல் அமர்கிறது, மிச்சம் 83. 112, 200ல் அமர்கிறது; மிச்சம் 88. பெரிய 600 யாரும் தொடாமல் கிடக்க, 426 அதில் சுகமாக உட்கார்ந்து 174 விடுகிறது. நால்வருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வழிகளிலும் காலி இடம் ஒரே 959. அது தற்செயல் இல்லை. மொத்தம் 1,700ல் 741 போனால் எந்த வழியிலும் 959தான் வரும். ஆகவே மிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பது விடை சரியா என்று சோதிக்க உதவுமே தவிர, வழிகளை ஒப்பிட உதவாது. ஒப்பிட வேண்டியது மிகப் பெரிய துளையையும், அடுத்து வருபவர் கேட்கும் அளவையும்.

இன்னொரு சிக்கல் வினாவின் சொற்களிலேயே ஒளிந்திருக்கிறது. அந்த ஐந்து இடங்களும் வெட்டிக்கொள்ளக்கூடிய துளைகளா, முன்பே வெட்டி வைத்த நிலையான பங்குகளா? இரண்டும் கற்பனை அல்ல. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360ல் நிலையான பங்குகளுக்கு எம்எஃப்டி என்றும், மாறும் அளவுகளுக்கு எம்விடி என்றும் தனித்தனி வடிவங்களே இருந்தன. நிலையான பங்கு என்றால் ஒரு பங்கில் ஒருவர்தான். அப்போது ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 112ஐ 200ல் போட்டவர் சொன்னதே சரி. உள்ளே வீணாவது 288, 183, 88, கூட்டினால் 559. யாரும் தொடாத 100ம் 300ம் சேர்ந்து 400. இரண்டையும் கூட்டினால் அதே 959, பெயர்ப்பலகை மட்டும் வேறு. எந்த அனுமானத்தில் கணக்குப் போட்டோம் என்று முதல் வரியில் எழுதிவிடுவது மாணவருக்குப் பாதுகாப்பு.

இந்த ஒரு கணக்கை வைத்து பெஸ்ட் ஃபிட்தான் சிறந்தது என்று எழுதுவது அடுத்த தவறு. துளைகள் 60, 50 என்றும், கேட்பவர்கள் 45, 50, 12 என்றும் வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 45 போவது 60க்கு, 50 போவது 50க்கு, மிஞ்சிய 15ல் 12 அமர்ந்துவிடும். பெஸ்ட் ஃபிட்டில் 45 போவது 50க்கு, 50 போவது 60க்கு. மிஞ்சுவது 5ம் 10ம்; 12க்கு இடமில்லை. வொர்ஸ்ட் ஃபிட்கூட இதில் தேறிவிடுகிறது! இறுக்கமாகப் பொருத்தப் பார்க்கும் பெஸ்ட் ஃபிட், யாருக்கும் உதவாத பொடித்துண்டுகளை விட்டுச்செல்லக் கூடியது. டொனால்ட் நூத் 1968ல் வெளியிட்ட தமது நூலின் முதல் தொகுதியில் இந்த இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு ஃபர்ஸ்ட் ஃபிட் பக்கமே சாய்ந்தார். எல்லாத் துளைகளையும் தேடிப் பார்க்க வேண்டாம் என்பதால் அதற்கு நேரமும் மிச்சம். டைனோசர் புத்தகம் வொர்ஸ்ட் ஃபிட்டை மட்டும் மற்ற இரண்டுக்கும் பின்னால் தள்ளுகிறது.

சிதறிய 959ஐ ஒன்றுசேர்க்க வழி இல்லாமல் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களை ஒருபக்கம் நகர்த்தினால் பெரிய துளை கிடைக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் முகவரிகள் மாறினாலும் அது தடுமாறாதபடி ஏற்பாடு வேண்டும். அவ்வளவு மெமரியையும் நகலெடுக்க நேரமும் பிடிக்கும்.

இன்றைய கணினிகள் ஒரே துண்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையே தூக்கிப்போட்டுவிட்டன. பேஜிங் முறையில் மெமரி பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு புரோகிராமின் பக்கங்கள் எங்கெங்கோ கிடக்கலாம். அதே நால்வரை இங்கே அழைத்து வந்தால் 212க்கு 53 பக்கம், 112க்கு 28, இரண்டும் மிச்சமின்றிப் பொருந்தும். 417க்கு 105 பக்கம், கடைசிப் பக்கத்தில் 3 கே வீண். 426க்கு 107 பக்கம், 2 கே வீண். ஐந்து துளைகளிலும் சேர்த்து 425 பக்கங்கள் இருக்க, தேவை 293தான். யாரும் காத்திருக்க வேண்டாம். மொத்த வீண் 5 கே.