குளியலறைக்கு எத்தனை அடி குழாய், என்னென்ன பொருத்துகள்?

வீட்டுக்கொடுப்பனவின் கடைசித் தவணையில் பெரும்பாலும் குளியலறை வேலைதான் மிஞ்சும். ஒரு எல்போ குறைந்தாலும் மேசன் காத்திருக்க, நீங்கள் மறுபடியும் பஸ் ஏறவேண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் அறையை வரைந்து, தண்ணீர் ஓடும் வழியே விரலை நகர்த்துங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாங்கியின் வாய் நிலத்திலிருந்து 10 அடி உயரம். அங்கிருந்து சுவருக்கு 3 அடி. சுவரோடு கீழே இறங்க எட்டரை அடி. சுவரைத் துளைத்து உள்ளே வர 1 அடி. உட்சுவரோடு 5 அடி. இதில் முதலாவது அடியிலேயே மலசலகூட ரப். முடிவில் குளிக்கும் ரப்புக்கு மேலே ஒன்றரை அடி. மொத்தம் 19 அடி.

அரை அங்குல பி.வி.சி. குழாய் பொதுவாக 4 மீற்றர், அதாவது ஏறத்தாழ 13 அடித் துண்டாகக் கிடைக்கும். எனவே இரண்டு குழாய்கள் போதும். ஆனால் நீளமான துண்டை முதலில் வெட்டவேண்டும். முதற் குழாயில் எட்டரை, மூன்று, ஒன்று. மற்றதில் ஐந்தும் ஒன்றரையும். மாறாக, ஒன்றில் 5 அடியையும் மற்றதில் சிறு துண்டுகளையும் முதலில் வெட்டினால், எட்டரை அடிக்கு எந்தக் குழாயும் எட்டாது. நடுவில் சொக்கற் போட்டு ஒட்டவேண்டிவரும்.

இனி விரல் திரும்பும் இடங்களை எண்ணுங்கள். சுவரில் கீழே திரும்ப, துளைக்குள் நுழைய, உள்ளே பக்கமாகத் திரும்ப, கடைசியில் மேலே ஏற என நான்கு எல்போக்கள். மலசலகூட ரப்புக்கு ஒரு போசற் ரீ, குளிக்கும் ரப்புக்கு ஒரு போசற் எல்போ. தாங்கியின் வாயில் ஒரு வால்வு, அதிலிருந்து குழாய்க்கு மாற ஒரு வால்வு சொக்கற்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். போசற் என்றால் மரை உள்ளே இருக்கும், ரப்பை அதற்குள் முறுக்கலாம். வால்வு சொக்கற்றில் மரை வெளியே இருக்கும். மாறி வாங்கினால் பொருந்தாது. மரைக்கு வெள்ளை ரேப் மட்டும் சுற்றுங்கள். பசை குழாய் நுழையும் பக்கத்துக்கே.

ஒட்டிய பொருத்தைக் கழற்ற முடியாது என்பதால் ஓர் எல்போ கூடுதலாக வாங்குங்கள். பசையின்றி எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள். மறுநாள் ரப்புகளை மூடி, தாங்கியை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். பொருத்துகளைச் சுற்றி ஈரம் இல்லாவிட்டால் மட்டும் மேசனைப் பூசச் சொல்லுங்கள்.