சைலன்டில் கிடக்கும் போன் ஏன் அலறுகிறது?

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பலருடைய செல்போன்கள் திடீரென அலறின. பேரிடர் எச்சரிக்கையை மக்களிடம் சேர்க்கும் புதிய முறையை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை சோதித்துப் பார்த்த நாள் அது. பதற வேண்டாம், இது சோதனைதான் என்று செய்தியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் சைலன்டில் போட்டிருந்த போனும் ஏன் கத்தியது?

முதலில் சாதாரண எஸ்.எம்.எஸ். எப்படி வருகிறது என்று பார்ப்போம். அது ஓர் எண்ணைத் தேடி வரும். தேவாரம் ஊரில் இருப்பவருக்கு ஒரு செய்தி அனுப்பினால், அவருடைய போன் அப்போது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று நிறுவனத்தின் கணினி விசாரித்து, அந்த போனை மட்டும் கூப்பிட்டுக் கொடுக்கும். பத்தாயிரம் பேர் என்றால் இதையே பத்தாயிரம் முறை செய்ய வேண்டும். வெள்ளம் வரும் நேரத்தில் எல்லோரும் போனை எடுத்துப் பேச, செய்திகள் வரிசையில் தேங்கி நிற்கும்.

அவசர எச்சரிக்கைக்கு எண்ணே தேவையில்லை. டவர் அதை வானொலி போல ஒலிபரப்புகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கின்றன. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று டவருக்குத் தெரியாது. இது புதிய நுட்பமும் அல்ல. பழைய பட்டன் போன்களில் 50ஆம் சேனலைப் போட்டு வைத்தால் திரையில் ஊர்ப் பெயர் வருமே, அதுவும் இதே வழியில் வந்ததுதான்.

அந்த ஊர்ப் பெயர் சத்தம் போட்டதில்லை. சத்தத்தை முடிவு செய்வது சேனல் எண். 4370 என்ற எண்ணோடு வந்தால் அது உச்சநிலை எச்சரிக்கை என்று போனுக்குள் இருக்கும் மென்பொருள் புரிந்துகொள்ளும். சைலன்ட் என்பது போனின் வாயை அடைத்துவிடுவதில்லை. அழைப்பு மணியையும் அறிவிப்பு ஒலியையும் மட்டும் நிறுத்துகிறது. சைலன்டிலும் காலை அலாரம் அடிப்பது அதனால்தான். ஆண்ட்ராய்டு போன்களில் எச்சரிக்கை ஒலிக்கும் அந்த அலாரத்தின் வழிதான்; அதுவும் முழு சத்தத்தில். தாமதமாக அந்தப் பகுதிக்குள் வருபவர்களுக்காக டவர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். செய்தியில் வரிசை எண் இருப்பதால், ஒருமுறை வாங்கிய போன் அதற்கு மறுபடி கத்தாது.

தேவாரத்துக்காரர்கள் கவனிக்க ஒன்று உண்டு. மேற்கே மலை ஏறினால் இடுக்கி மாவட்டம். கேரளத்தில் இதே சோதனை அக்டோபர் 31 அன்று நடந்தது. மலைமேல் போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அங்குள்ள எச்சரிக்கைதான் வரும். சிம் எந்த மாநிலத்தில் வாங்கியது என்பது கணக்கில்லை. சிக்னலே எட்டாத மலைச்சரிவில் எதுவும் வராது. அணைத்து வைத்த போனிலும், ஃபிளைட் மோடில் இருப்பதிலும் வராது. மழையில் மின்சாரம் போய் டவர் நின்றாலும் அதே கதிதான்.

போலியை அடையாளம் காண்பதும் எளிது. உண்மையான எச்சரிக்கை திரையை மறித்துக்கொண்டு நிற்கும்; அனுப்பியவர் எண் இருக்காது; பெரும்பாலும் வழக்கமான எஸ்.எம்.எஸ். பட்டியலில் போய் உட்காராது. ஏதோ ஒரு எண்ணிலிருந்து வந்து, லிங்க்கை அழுத்தச் சொல்லி, அந்தப் பட்டியலில் கிடக்கும் ‘அரசு எச்சரிக்கை’ இந்த வழியில் வந்தது அல்ல.