சுருக்குப்பை தைக்க இரண்டு வகுப்பு

பதின்பருவப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் சுருக்குப்பையில் தொடங்கலாம். எல்லாமே நேர்த்தையல், ஜிப்பும் பட்டனும் கிடையாது. தலா இரண்டு மணி நேர வகுப்பு இரண்டு போதும். ஆனால் முதல் வகுப்பில் பையைத் தைக்கக் கூடாது. அன்று மெஷினைப் பழகட்டும்.

காலால் மிதிக்கும் மெஷின் என்றால், பழைய ஊசியை மாட்டி, நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஓட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகச் சுற்றிவிட்டு மிதிக்க வேண்டும். சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால், நூல் கோத்தபின் அறுந்துகொண்டே இருக்கும். ஓட்டைகள் கோட்டின் மேலேயே விழுந்தால் கால் பழகிவிட்டது. அடுத்து, ஊசியைத் தாளில் இறக்கி வைத்தபடி பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்பப் பழக்குங்கள். பையின் வாய்ப்பகுதிக்கு இது தேவைப்படும்.

பிறகு நல்ல ஊசி மாட்டி, நூல் கோத்து, வெட்டுத் துணியில் தைக்கலாம். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியின் அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் தவறு மேல்நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்தால், டென்ஷன் தகடுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காரும்.

வகுப்பு முடியுமுன், துவைத்து இஸ்திரி போட்ட காடாத் துணியில் 11 இன்ச் அகலம், 30 இன்ச் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பில், நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துணியை நீளவாக்கில் பாதியாக மடிக்க வேண்டும். மடிப்புதான் பையின் அடி. இரு ஓரங்களிலும் மேலிருந்து இரண்டரை இன்ச் தள்ளி சாக்பீஸால் குறிக்கட்டும். அரை இன்ச் உள்ளே, அடியிலிருந்து அந்தக் குறி வரை மட்டும் தைத்து, குறியில் இரண்டு முறை முன்னும் பின்னும் தைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பலர் வேகத்தில் குறியைத் தாண்டி மேல் வரை தைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் நாடா நுழைய வழி இருக்காது. குறி வரை பிரித்தே ஆக வேண்டும்.

தையலின் இரு ஓரங்களையும் விரித்து இஸ்திரி போட்டு, திறந்த பிளவைச் சுற்றி ‘ப’ போல ஒரு தையல். முதல் வகுப்பில் தாளைத் திருப்பிய பழக்கம் இங்கே உதவும். பிறகு வாயின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அரை இன்ச் மடித்து, மறுபடி ஒரு இன்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் தைத்தால் நாடாக் குழாய் தயார்.

பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, 30 இன்ச் நாடா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்கில் மாட்டிய ஒரு நாடா இடது பிளவில் நுழைந்து, முழுச் சுற்று சுற்றி அதே பிளவில் வெளிவர வேண்டும். மற்றது வலது பிளவில் அப்படியே. முனைகளை முடிச்சுப் போட்டு இருபுறமும் இழுத்தால் வாய் சுருங்கும். நாடா கோக்கும்போது ஊக்கு நடுவில் நகராமல் நின்றுவிட்டால் குழாயின் குறுக்கே எங்கோ தையல் விழுந்திருக்கலாம். அதை நீங்கள் பிரித்துக் கொடுக்காதீர்கள்; எந்த இடம் என்று அவர்களே தேடிப் பிரிக்கட்டும்.