தமிழ்–ஆங்கிலக் குறிமாற்றமும் கேட்பவரின் புரிதலும்

ஒரே பேச்சுக்குள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறி மாறிப் பேசுவதை மொழியியலில் குறிமாற்றம் என்பர். தமிழர் பேச்சில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தோடு நிகழ்கிறது. "பஸ் லேட்டா வந்துச்சு, அதான் கிளாஸ் மிஸ் பண்ணிட்டேன்" என்ற வாக்கியத்தில் நான்கு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் வினைமுற்று, காலம், சொல் வரிசை எல்லாம் தமிழே. 'லேட்' என்பதோடு 'ஆ' சேர்ந்து வினையடையாகிறது; 'மிஸ்' என்பதைப் 'பண்ணு' என்ற துணைவினை வினையாக்குகிறது. இப்படி வாக்கியத்தின் சட்டகத்தைத் தரும் மொழியைக் கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் என்ற மொழியியலாளர் 1993இல் வெளிவந்த தம் நூலில் அடித்தள மொழி என்ற கருத்தால் விளக்கினார். சட்டகம் தமிழாக இருக்கும்வரை, கேட்பவர் வாக்கியத்தின் போக்கைத் தவறவிடுவதில்லை.

கலந்து பேசினாலே தெளிவு கெடும் என்று சொல்வது சரியன்று. சில இடங்களில் ஆங்கிலச் சொல்தான் குழப்பத்தைத் தவிர்க்கிறது. பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் நம் கணக்குப் புத்தகம் சொல்கிறது. 'பகுதி' என்றால் அன்றாடப் பேச்சில் ஒரு பங்கு. 'தொகுதி' என்றால் தேர்தல் தொகுதி. "இந்தப் பகுதியின் பகுதி எது?" என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பு திகைக்கும். அங்கே 'டினாமினேட்டர்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் ஐயம் நீங்கும், மாணவர்களுக்கு அந்தச் சொல் முன்பே அறிமுகமாகி இருந்தால்.

தெரியாத பெயர்ச்சொல் ஒன்று வந்தால் கேட்பவர் "அப்படின்னா என்ன?" என்று கேட்டுவிடுவார். அதனால் பெரிய கேடு இல்லை. நிபந்தனை, விலக்கு, முன்பின், எண் ஆகியவை ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் சிக்கல். 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிக்கும். பதின்மூன்றும் முப்பதும் அப்படி ஒலிப்பதில்லை. "பிஃபோர் ஃபுட்" என்பதில் 'ஃபுட்' மட்டும் பிடிபட்டவர், சாப்பிட்ட பின் மாத்திரை போட்டுக்கொள்வார். தாம் ஒன்றைத் தவறவிட்டது அவருக்கே தெரியாது.

அதைவிட ஏமாற்றுவது, தமிழுக்குள் வந்து பொருள் மாறிவிட்ட சொல்.

சுகர்: ஒரு சொல், மூன்று பொருள்

நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஒரு மூதாட்டியிடம் மருத்துவர் இப்படிச் சொல்வதாகக் கொள்வோம்: "சுகர் லோவாயிடுச்சு. ஸ்வெட்டிங், டிஸ்ஸினஸ் வந்தா உடனே சுகர் எடுத்துக்குங்க."

ஆங்கிலம் அறிந்தவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நம் வீடுகளில் 'சுகர்' என்பது நோயின் பெயர். "அவருக்குச் சுகர் இருக்கு" என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'சுகர் லோ' என்றதும் நோய் குறைந்துவிட்டது என்று பாட்டி மகிழ்வார். மருத்துவர் சொன்னது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸின் அளவை. அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. அடுத்து வந்த 'சுகர் எடுத்துக்குங்க' என்பதிலோ அது டப்பாவில் இருக்கும் சீனி. சீனியையே தொடாதே என்று பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர், இதைச் சுகர் மாத்திரை போட்டுக்கொள் என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்படி நேர்ந்தால் இறங்கிய அளவு இன்னும் இறங்கும்.

அதையே இப்படிச் சொல்லலாம்: "பாட்டிம்மா, ரத்தத்துல சர்க்கரை அளவு ரொம்ப இறங்கிடுச்சு. அது ஆபத்து. வேர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, தலை சுத்தினாலோ, நாலு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சு உடனே குடிச்சிடுங்க. அந்த நேரம் மாத்திரை போடாதீங்க." (மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதை வீட்டாரிடம் தனியே சொல்ல வேண்டும்.) 'டீஸ்பூன்' என்பதை மாற்றத் தேவையில்லை, கரண்டி என்றால்தான் அளவு குழம்பும். மாறியவை அறிகுறிகளின் பெயர்களும், மூன்று பொருளில் நின்ற அந்த ஒரு சொல்லும்தான்.

புரிந்ததா என்று கேட்டால் பெரியவர்கள் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காகச் சொல்லும் சரி அது. "வீட்டுக்குப் போனதும் மகள்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "டாக்டர் சுகர் லோன்னு சொன்னார்" என்று அதே சொற்களைத் திருப்பிச் சொன்னால் பொருள் போய்ச் சேரவில்லை. "படபடன்னு வந்தா சீனித் தண்ணி குடிக்கச் சொன்னார்" என்று தம் சொந்தச் சொல்லில் வந்தால் சேர்ந்துவிட்டது.