முதலில் சாணம் ஆறட்டும்

மண்புழு உரம் போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "புழுவெல்லாம் செத்துப்போச்சுங்க." சிலர் வெயிலைக் குறை சொல்வார்கள், சிலர் புழு விற்றவரைத் திட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் கிளறிக் கேட்டால் விஷயம் வேறாக இருக்கும். காலையில் தொழுவத்தில் அள்ளிய சாணத்தை அன்று மாலையே தொட்டியில் கொட்டி, மேலே புழுவை விட்டிருப்பார்கள்.

பச்சைச் சாணம் கைக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதைக் குவித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வேலையைத் தொடங்கிவிடும். பெரிய குவியலாக இருந்தால் நடுப்பகுதி 50, 60 டிகிரி வரைகூடச் சூடேறும். உரப் புழுக்களுக்கு ஏற்றது 20 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் அவை ஓடப் பார்க்கும், ஓட வழியில்லாவிட்டால் சாகும். சூட்டோடு அம்மோனியாவும் சேர்ந்துகொள்கிறது. மூத்திரம் ஊறிய சாணத்தில் அந்தக் காரநெடி மூக்கில் ஏறும். புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரத் தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. காற்றில் இருக்கும் நஞ்சு நேரே உடம்புக்குள் போகிறது என்று அர்த்தம்.

ஆகவே புழுவைத் தேடி அலைவதற்கு முன் சாணத்தை ஆறவைக்கும் இடத்தைத் தயார் செய்வதே முதல் வேலை. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணம் போடும். வாசல் தெளிக்க, வறட்டி தட்ட என்று எடுத்தது போக இருபது கிலோ மிஞ்சினால் மாதம் 600 கிலோ. அதோடு மாடு தின்று கழித்த வைக்கோல், தட்டை, தோப்பில் விழும் காய்ந்த இலைதழை என்று ஒரு நூறு கிலோ சேர்த்துக்கொள்ளலாம். வைக்கோல் சேர்ப்பது எடையைக் கூட்டுவதற்காக அல்ல. சாணம் மட்டும் இருந்தால் களிமண் மாதிரி இறுகிவிடும், காற்று புகாது.

இதை நிழலில், இடுப்பளவு உயரத்துக்கு மேல் போகாமல் குவிக்க வேண்டும். மாதம் முடிந்ததும் அந்தக் குவியலை மூடிவிட்டு அடுத்த குவியலைத் தொடங்க வேண்டும். மூடியதில் முதல் நாள் போட்ட சாணத்துக்கு முப்பது நாள் வயது, கடைசியாகப் போட்டதற்கு ஒரு நாள். அதனால் இன்னும் பதினைந்து, இருபது நாள் பொறுக்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து, மேலிருப்பது அடியில் போகும்படி புரட்டிப் போட வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்க, கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தால்கூட இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது நல்லது.

அதற்குப் பிறகும் எல்லாப் புழுவையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. ஒரு பழைய சட்டியில் ஆறிய சாணத்தைப் போட்டு ஐம்பது புழுவை மேலே விடுங்கள். சிறிது நேரத்தில் உள்ளே இறங்கி, மறுநாள் காலையிலும் உள்ளேயே இருந்தால் சாணம் தயார். விளிம்பில் ஏறி நின்றால் தயாரில்லை. இதைவிட நம்பகமான பரிசோதனை எனக்குத் தெரிந்து எந்தக் கூடத்திலும் இல்லை. குடற்புழு நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தை மட்டும் இரண்டு வாரத்துக்குத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மாட்டின் வயிற்றுப் புழுவைக் கொல்ல வந்த மருந்தின் மிச்சம் சாணத்தில் வரும்.

படுக்கைக்குப் பெரிய கணக்கு இல்லை. அகலம் மூன்றடி, அப்போதுதான் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் வரை கை எட்டும். உயரம் ஒன்றரை அடி. அதற்கு மேல் போட்டால் அடியில் காற்று போகாது, மறுபடி சூடும் ஏறும். நீளம் எட்டடி வைத்தால் மேலே சொன்ன ஒரு மாதச் சாணம் ஆறிச் சுருங்கிய பின் ஏறக்குறைய அதில் அடங்கும். செங்கல் தொட்டியோ, கடையில் விற்கும் சில்பாலின் பையோ, எதுவானாலும் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவும் ஓட்டையும் இருக்க வேண்டும். அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய் மட்டை பரப்பினால் போதும். மேலே கீற்றுக் கொட்டகை, படுக்கையை மூட நனைத்த சாக்கு. ஒரு படுக்கை முடிய இரண்டு மாதம் ஆவதால், மாதாமாதம் நிரப்ப இரண்டு படுக்கை நெருக்கடியாகவே இருக்கும். மூன்று இருந்தால் நிதானமாக வேலை செய்யலாம்.

இந்த அளவுக்கு இரண்டு கிலோ புழு போதும், சுமார் இரண்டாயிரம் உருப்படி. வாங்கும்போது கிலோ கணக்கில் எவ்வளவு புழு, எவ்வளவு சாணம் என்று கவனிக்க வேண்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். கழுத்தை ஒட்டித் தடித்த வளையம் உள்ளவை வளர்ந்த புழுக்கள், முட்டையிடுபவை அவைதான். தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவது இரண்டு வெளிநாட்டு இனங்கள். ஐசீனியா ஃபெட்டிடா சிறியது, சிவப்பில் மஞ்சள் வரி ஓடும், வெயில் குளிர் இரண்டையும் ஓரளவு தாங்கும். யூட்ரிலஸ் யூஜெனியே நீளமானது, ஊதா மினுக்கு இருக்கும், வேகமாகத் தின்னும், ஆனால் குளிர் தாங்காது, மழை இரவில் கூட்டமாகப் படுக்கையை விட்டு வெளியேறவும் செய்யும். ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் முதலாவதை எடுப்பதே சரி. உள்ளூர் இனமான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று சென்னையைச் சேர்ந்த மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார். பழைய சாணக் குப்பையைக் கிளறினால் அது சில இடங்களில் இலவசமாகவே கிடைக்கும்.

இனி இரண்டு மாதமும் செய்ய வேண்டிய ஒரே வேலை தண்ணீரைப் பார்ப்பதுதான். "தினமும் இத்தனை லிட்டர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு வாரம் பூவாளியைத் தொடவே வேண்டியிருக்காது, சித்திரை வெயிலில் காலை மாலை இரு வேளையும் தெளிக்க நேரும். நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதாது. மேல்பரப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் படுக்கையை மூழ்கடிக்கிறார்கள், ஏனென்றால் மேலே காய்ந்திருக்கும்போதே அடியில் சேறாக இருக்கக்கூடும்.

ஈரம் மிஞ்சினால் முதலில் காட்டிக்கொடுப்பது வாடை. நல்ல படுக்கையில் சாண வாடைகூட இருக்காது. புளித்த நெடியோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் அடியில் காற்று செத்துவிட்டது. புழுக்களும் மேலே வந்து தொட்டிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்போது தண்ணீரை நிறுத்தி, வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, காய்ந்த இலைதழையைக் கலந்து கையால் தளர்த்திவிட வேண்டும். மண்வெட்டியைப் போட்டால் பாதிப் புழு துண்டாகும். ஈரம் குறைந்தால் எறும்பு வரும். எறும்புப் பொடி தூவுவது புழுவுக்கும் எமன். தொட்டியைச் சுற்றி சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்தி, படுக்கையை நனைத்துவிட்டாலே எறும்பு இடம் மாறிவிடும்.

தென்னை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காண்டாமிருக வண்டுக்குச் சாணக்குழி பிறந்த வீடு, மண்புழுப் படுக்கையையும் அது விடாது. வெள்ளையாக, விரல் தடிமனில், வளைந்து கிடக்கும் புழு கண்ணில் பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால் அது வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். குவியலைப் புரட்டும்போதே தேடுவது சுலபம். படுக்கைக்கு வலை மூடி போடுவது வண்டையும், மைனா, கோழி, எலியையும் சேர்த்தே தடுக்கும்.

ஏறத்தாழ நாற்பத்தைந்தாம் நாள் மேற்பரப்பு டீத்தூள் மாதிரி கறுத்த குருணையாக மாறியிருக்கும். முழுப் படுக்கையும் முடியட்டும் என்று காத்திருக்காமல், வாரம் ஒருமுறை இரண்டு அங்குலம் வழித்தெடுக்கலாம். அதற்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால் புழு அடிக்கு இறங்கிவிடும். கோடையில் இரண்டு நாள் நிறுத்தினால் போதும். எடுத்ததை வெளிச்சமான இடத்தில் கூம்பாகக் குவித்தால், மிச்சமிருக்கும் புழுவும் வெளிச்சத்துக்குப் பயந்து நடுவில் அடியில் போய்ச் சேரும். வெளிப்பக்கத்தை வழித்துச் சலிக்க வேண்டியதுதான். வெயிலில் மட்டும் காயவைக்கக் கூடாது. நிழலில் ஈரம் குறைந்தால் போதும், முற்றிலும் வறண்ட உரத்தில் நுண்ணுயிர் பெரிதாக மிஞ்சாது.

எழுநூறு கிலோவில் தொடங்கியது 250, 300 கிலோவாக முடியும். வருடத்துக்கு மூன்று டன் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை பங்கு. அதாவது மூன்று டன்னிலும் சேர்த்து 30 முதல் 45 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையிலேயே 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. ஒரு வருட உழைப்பு இரண்டு மூட்டைக்குச் சமம் என்று கேட்டால் சிலருக்கு முகம் வாடும். இதன் பயன் தழைச்சத்தில் மட்டும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு மாட்டுச் சாணத்தை வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கர் நெல்லுக்கு இறைக்கப் போவது வீண். நாற்றங்கால், காய்கறிப் பாத்தி, புதிதாக நட்ட தென்னம்பிள்ளை என்று வேர் இருக்கும் இடத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும்.

புழுவையே வயலில் விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. உரப் புழுக்கள் மக்கும் குப்பையில் வாழ்பவை, உழுத வெற்று மண்ணில் அவை தங்காது. வயல் மண்ணைத் துளைப்பது லாம்பிட்டோ மாரிட்டி போன்ற வேறு இனங்கள். அவற்றுக்கு ஈரமும் மூடாக்கும் கிடைத்தால் தாமே வந்துசேரும்.

சலித்த உரத்தை உடனே மூட்டை கட்டுவதுதான் கடைசியில் நடக்கும் நஷ்டம். அதில் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத, மஞ்சளும் பழுப்புமான முட்டைக்கூடுகள் ஏராளமாகக் கிடக்கும். ஐசீனியாவின் ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும், பொரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை உரத்தை லேசான ஈரத்தோடு நிழலில் குவித்து வையுங்கள். பிறகு பாதி ஆறிய சாண உருண்டைகளை ஐந்தாறு இடத்தில் புதைத்துவிட்டால் ஒரே நாளில் குஞ்சுகள் அதில் மொய்த்திருக்கும். உருண்டைகளை அப்படியே எடுத்து அடுத்த படுக்கையில் வைத்துவிட்டால், இரண்டாம் முறை புழு வாங்கச் செலவில்லை.